படத்தில் தேதி தப்பாக வருகிறதா? கேமரா கடிகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவிழாவில் எடுத்த படங்கள் எல்லாம் 2014 ஜனவரி என்று காட்டுகின்றன. ஃபைல் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. கேமராவின் கடிகாரம்தான் தப்பு. நீங்கள் ஷட்டரை அழுத்தும்போது கேமரா தன் உள்கடிகாரத்தைப் பார்த்து, அது சொல்லும் நேரத்தை அப்படியே படத்தோடு எழுதி வைக்கிறது. கைபேசி நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். தனிக் கேமராவுக்கு, அதைப் போனோடு இணைத்து வைத்திருந்தால் ஒழிய, பெரும்பாலும் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. யாரும் நேரம் வைக்கவில்லை என்றால், அல்லது பல மாதம் பேட்டரி இல்லாமல் அலமாரியில் கிடந்து வைத்த நேரத்தை மறந்துவிட்டால், தயாரிக்கும்போது உள்ளே பதித்த ஒரு தொடக்கத் தேதியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். பெரும்பாலும் அது ஏதோ ஒரு வருஷத்தின் ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி.

இதில் நமக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு. தொடங்கிய இடம் தப்பாக இருந்தாலும் அந்தக் கடிகாரம் ஓடுவது ஒழுங்காகத்தான் ஓடுகிறது. இரண்டு படங்களுக்கு இடையில் நிஜத்தில் 40 நிமிடம் என்றால் ஃபைலிலும் 40 நிமிடம்தான் இருக்கும். ஆகவே ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும், அந்தத் தொகுப்பு முழுவதையும் சரிசெய்துவிடலாம். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

ஒரே படத்துக்கு மூன்று நான்கு தேதிகள் தெரிகின்றன. எதை நம்புவது?

எடுத்த நேரம் `DateTimeOriginal` என்ற பெயரில் இருக்கிறது. விண்டோஸில் "Date taken" என்று தெரிவதும் வழக்கமாக இதுதான். இது படத்தின் உள்ளேயே, எக்சிஃப் என்ற பகுதியில் இருக்கிறது. ஃபைலை எங்கே காப்பி செய்தாலும் கூடவே போகும்.

எக்சிஃப்டூல் என்ற இலவச நிரலை இறக்கிக்கொண்டால் எல்லாத் தேதிகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். கணினியின் கட்டளைச் சாளரத்தில் ஃபைலின் பெயரோடு இப்படி எழுதுங்கள்.

```
exiftool -a -G1 -s -time:all DSC_0412.JPG
```

என் அண்ணன் கேமராவிலிருந்து வந்த ஒரு படத்துக்கு இப்படி வந்தது:

```
[System]   FileModifyDate    : 2019:04:21 20:11:03+05:30
[IFD0]     ModifyDate        : 2014:01:03 01:42:20
[ExifIFD]  DateTimeOriginal  : 2014:01:03 01:42:20
[ExifIFD]  CreateDate        : 2014:01:03 01:42:20
```

முதல் வரி கணினி அந்த ஃபைலுக்குப் போட்ட தேதி. அண்ணன் படங்களைக் கணினிக்கு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை இரவு அது. படம் எடுத்த நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காப்பி செய்யும் விதத்தைப் பொறுத்து அது மாறிவிடும். கீழே உள்ள மூன்றும் கேமரா எழுதியவை, மூன்றும் ஒரே தப்பைச் சொல்கின்றன. திருத்த வேண்டியவை இந்த மூன்றுதான்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். ஃபோல்டரில் ஃபைல் தேதி 2019 என்று சரியாகத் தெரியும். ஆல்பத்தில் ஏற்றியதும் படங்கள் 2014க்கு ஓடிவிடும். ஆல்பம் பார்ப்பது `DateTimeOriginal`ஐ.

எத்தனை நேரம் தள்ளிப்போயிருக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். வருஷக்கணக்கில் தள்ளியிருந்தால் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சரியாக 2 மணி 30 நிமிடம், 1 மணி 30 நிமிடம், 5 மணி 30 நிமிடம் என்று வித்தியாசம் வந்தால் அது நேர மண்டலத் தப்பு. சிங்கப்பூரில் வாங்கிய கேமரா இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கும். துபாயிலிருந்து வந்தது 1 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கும்.

சரியாக 12 மணி நேரம் என்றால், நேரம் வைக்கும்போது காலை மாலை மாறிவிட்டது. மதியச் சாப்பாட்டுப் படம் இரவு 1 மணி என்று காட்டினால் இதுதான்.

இன்னொன்று, தேதியையும் மாதத்தையும் மாற்றிப் போடுவது. சில கேமராக்களின் திரையில் மாதம் முதலில், நாள் அடுத்து என்று இருக்கும். நாம் பழக்கத்தில் ஏப்ரல் 5 என்பதை 5/4 என்று போடுவோம், கேமரா அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். இப்படி நடந்தால் எல்லாப் படத்திலும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும் என்று பலர் நினைத்து, ஒவ்வொரு படமாக மாற்றி எழுதுகிறார்கள். அது சரியில்லை. கடிகாரம் மே 4இலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. மறுநாள் ஏப்ரல் 6இல் எடுத்த படம் மே 5 என்று இருக்கும், ஜூன் 4 என்று இருக்காது. ஆக இதுவும் மாறாத ஒரே வித்தியாசம்தான், 29 நாள். எல்லாவற்றையும் 29 நாள் பின்னுக்குத் தள்ளினால் முடிந்தது.

சரி, சரியான வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேமரா இன்னும் அதே தப்பான நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், முதலில் ஒரு காரியம் செய்யாதீர்கள்: நேரத்தைத் திருத்தாதீர்கள். கைபேசியில் நொடி தெரிகிற மாதிரி கடிகாரத்தைத் திறந்து வைத்து, அந்தக் கேமராவால் அதை ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்துக்குள் தெரிவது உண்மையான நேரம், அதன் `DateTimeOriginal` கேமராவின் நேரம். இரண்டையும் கழித்தால் வித்தியாசம் வந்துவிட்டது. பிறகு கேமராவைத் திருத்திக்கொள்ளலாம். இடையில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் மறுபடி பின்னால் போயிருந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

அந்த வாய்ப்பு போய்விட்டால், நேரம் தெரிந்த ஒரு படத்தைத் தேட வேண்டும். அண்ணன் படங்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

அவை மதுரைச் சித்திரைத் திருவிழாவில் எடுத்தவை. தேரோட்டப் படங்களில் ஒன்றில் அண்ணி இடது கை விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார், விரலில் ஓட்டு மை. பின்னால் தேர். அந்த வருஷம் மதுரையில் தேரோட்டமும் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்தன, 2019 ஏப்ரல் 18, வியாழன். அதற்காகவே மதுரையில் மட்டும் வாக்குப்பதிவு நேரத்தை இரவு 8 மணி வரை நீட்டினார்கள். ஆக நாள் உறுதி. ஆனால் நாள் மட்டும் போதாதே, மணியும் நிமிடமும் வேண்டும்.

அண்ணியின் கைபேசியில் தேடினோம். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் மஞ்சள் விசிறியைத் தலைக்கு மேல் தூக்கிய அதே நொடியில், அண்ணன் கேமராவில் ஒன்று, அண்ணி போனில் ஒன்று என்று இரண்டு படம் இருந்தன. விசிறியின் சாய்வு கூட ஒன்றுதான். போனில் அது ஏப்ரல் 18 காலை 9:14:35. கேமராவில் 2014 ஜனவரி 3, 01:42:20.

கழித்தல் கணக்கு இது. 2014 ஜனவரி 3இலிருந்து 2019 ஜனவரி 3 வரை ஐந்து வருஷம், நடுவில் 2016 லீப் வருஷம், ஆக 1826 நாள். ஜனவரி 3இலிருந்து ஏப்ரல் 18 வரை 105 நாள். மொத்தம் 1931 நாள். அதன்மேல் 01:42:20க்கும் 09:14:35க்கும் இடையில் 7 மணி 32 நிமிடம் 15 நொடி.

உடனே திருத்திவிடாதீர்கள், வேறொரு படத்தில் சோதித்துப் பாருங்கள். மறுநாள் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரையில் காத்திருந்தபோது எடுத்த படம் கேமராவில் 2014 ஜனவரி 3, 22:20:41 என்று இருந்தது. வித்தியாசத்தைக் கூட்டினால் 2019 ஏப்ரல் 19, விடியற்காலை 5:52:56. படத்தில் தெருவிளக்கு எரிகிறது, கிழக்கில் வானம் வெளுத்திருக்கிறது. பொருந்துகிறது. சோதிக்கும் படத்தை முதல் படத்திலிருந்து முடிந்தவரை தள்ளி எடுங்கள். பக்கத்துப் படத்தில் சோதித்தால் தப்பு வெளியே தெரியாது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. கேமராவின் ஜனவரி 1 நள்ளிரவு நம் கணக்கில் ஏப்ரல் 16 காலை 7:32. அன்று காலை காபி குடித்துக்கொண்டே பேட்டரியை உள்ளே போட்டேன் என்று அண்ணனுக்கு நினைவு இருந்தது. இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

வித்தியாசம் தெரிந்துவிட்டது. எல்லாப் படத்துக்கும் ஒரே அடியாகப் போடுவது எப்படி?

அந்தத் தொகுப்பை மட்டும் ஒரு ஃபோல்டரில் தனியாக வையுங்கள். வேறொரு வட்டில் ஒரு நகல் இருக்கட்டும். அப்புறம் இந்தக் கட்டளை:

```
exiftool "-AllDates+=0:0:1931 7:32:15" chithirai
```

`AllDates` என்பது மேலே பார்த்த மூன்று எக்சிஃப் தேதிகளையும் சேர்த்துக் குறிக்கும் பெயர். சமக் குறிக்குப் பின்னால் இருப்பது வருஷம், மாதம், நாள், பிறகு மணி, நிமிடம், நொடி. முன்னுக்குத் தள்ள `+=`, பின்னுக்குத் தள்ள `-=`. `chithirai` என்பது ஃபோல்டரின் பெயர்.

ஒவ்வொரு படத்துக்கும் பழைய நகல் ஒன்று பெயர் முடிவில் `_original` என்று சேர்ந்து அங்கேயே இருக்கும். எல்லாம் சரியா என்று பார்த்து முடிக்கும்வரை அவற்றை அழிக்காதீர்கள். படத்தின் தரம் கொஞ்சமும் குறையாது. எக்சிஃப் பகுதியில் உள்ள எழுத்துகள்தான் மாறுகின்றன, படத்தை மறுபடி சுருக்கிச் சேமிப்பதில்லை.

ஜேபெக்கோடு ரா ஃபைலும் எடுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகத் தள்ள வேண்டும். ஒன்றை விட்டால் ஆல்பத்தில் ஜோடி பிரிந்து ஐந்து வருஷத் தூரத்தில் உட்காரும்.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு டிஜிகேம் என்ற இலவச நிரலில் நேரம் திருத்தும் வசதி மெனுவிலேயே இருக்கிறது. கணக்கு அதே கணக்குதான்.

வருஷம், மாதம் என்று போடாமல் ஏன் 1931 நாள் என்று போட வேண்டும்? 5 வருஷம் 3 மாதம் 15 நாள் என்றால் ஆகாதா?

ஒரு படத்துக்கு ஆகும். ஃபோல்டர் முழுவதுக்கும் ஆகாது. மாதம் என்பது நிலையான அளவு இல்லை. 28 நாள் மாதமும் இருக்கிறது, 31 நாள் மாதமும் இருக்கிறது. ஜனவரி 3க்கு மூன்று மாதம் கூட்டுவதும் ஜனவரி 30க்கு ஒரு மாதம் கூட்டுவதும் ஒரே மாதிரி வேலை செய்யாது. பிப்ரவரி 30 என்று ஒரு நாள் இல்லையே. படங்கள் சில வாரத்துக்குப் பரவியிருந்தால் சிலது சரியாக வந்து, சிலது ஒரு நாள், இரண்டு நாள் தள்ளி விழும். அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம், ஏனென்றால் பார்த்தால் கிட்டத்தட்டச் சரியாகவே தெரியும். நாள் என்பது எப்போதும் 24 மணி நேரம். நாளாகவே போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

திருத்தின பிறகு பாதிப் படங்கள் சரியாக இருக்கின்றன, மீதி இன்னும் தப்பு. எங்கே பிசகியது?

நடுவில் கடிகாரம் இன்னொரு முறை தொடக்கத் தேதிக்குப் போயிருக்கிறது. பேட்டரியைச் சார்ஜ் போடக் கழற்றினார்கள், உள்ளே இருக்கும் சின்ன செல் செத்துப்போயிருந்தது, பேட்டரியைத் திரும்பப் போட்டதும் மறுபடி ஜனவரி 1. ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டு தொகுப்பு, இரண்டு வித்தியாசம்.

இதைக் காட்டிக்கொடுப்பது ஃபைல் எண். எண் தொடர்ச்சியாகப் போகும்படி வைத்திருந்தால், கடிகாரம் பின்னால் போனாலும் எண் முன்னால்தான் போகும். பெயர் வரிசையில் தேதிகளை அச்சிட்டுப் பாருங்கள்:

```
exiftool -T -FileName -DateTimeOriginal -fileOrder FileName chithirai
```

இப்படி ஒரு இடம் தெரியும்:

```
DSC_0655.JPG   2014:01:04 03:18:09
DSC_0656.JPG   2014:01:04 03:18:31
DSC_0657.JPG   2014:01:01 00:04:50
DSC_0658.JPG   2014:01:01 00:05:12
```

0656க்கும் 0657க்கும் நடுவில்தான் பேட்டரி கழன்றது. 0657இலிருந்து வருவதை வேறு ஃபோல்டருக்கு மாற்றி, அதற்கென்று ஒரு புதிய ஒப்பீட்டுப் படம் தேடிப் புதிய வித்தியாசம் கணக்கிட வேண்டும். முதல் தொகுப்பின் வித்தியாசத்தை இதற்குப் போட்டால் மூன்று நாள் தப்பாகும்.

இதனால்தான் கட்டளை கொடுப்பதற்கு முன்பே இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது என்று சொல்வேன். திருத்திய பிறகு பார்த்தாலும் தெரியும், ஆனால் வேலை இரட்டிப்பு.

கேமராவில் நேரம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் ஆல்பத்தில் மட்டும் மூன்றரை மணி நேரம் தள்ளித் தெரிகிறது. இது என்ன?

நேரம் சரி, மண்டலம் தப்பு. `DateTimeOriginal`இல் வெறும் நாளும் மணியும்தான் இருக்கும், அது எந்த ஊர் நேரம் என்று அதில் எழுத இடமே இல்லை. 2016இல் வந்த எக்சிஃப் 2.31 பதிப்புதான் `OffsetTimeOriginal` என்று ஒரு தனிப் பெட்டியைச் சேர்த்தது. புதிய கேமராக்கள் பல அதை நிரப்புகின்றன.

உங்கள் கேமராவில் மண்டலம் டோக்கியோ என்றே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் இந்திய நேரத்துக்கு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலை 6:30க்கு எடுத்த படத்தில் இப்படி இருக்கும்:

```
DateTimeOriginal    : 2023:01:15 18:30:00
OffsetTimeOriginal  : +09:00
```

இதன் பொருள் டோக்கியோவில் மாலை 6:30. அப்போது இந்தியாவில் மாலை 3:00. மண்டலப் பெட்டியைப் பார்க்காத நிரல் 6:30 என்று காட்டும், பார்த்து மாற்றிக் காட்டும் நிரல் 3:00 என்று காட்டும். இரண்டு நிரலுமே தமக்குக் கொடுத்ததைச் சரியாகத்தான் படிக்கின்றன.

இங்கே நேரத்தைத் தள்ளக் கூடாது. மண்டலத்தை மட்டும் மாற்ற வேண்டும்:

```
exiftool "-OffsetTime*=+05:30" pongal
```

கேமராவிலும் மண்டலத்தைச் சரியாக வைத்துவிடுங்கள். ஆனால் கவனம். பல கேமராக்களில் மண்டலத்தை மாற்றினால் கடிகாரமும் கூடவே நகரும். டோக்கியோவிலிருந்து இந்தியாவுக்கு மாற்றினால் நீங்கள் ஏற்கெனவே சரியாக வைத்திருந்த நேரம் மூன்றரை மணி பின்னால் போய்விடும். மண்டலத்தை முதலில் வைத்து, கோடை நேரம் என்ற செட்டிங்கை அணைத்து, கடைசியாக மணியை வைப்பதுதான் சரியான வரிசை.

இலங்கையில் எடுத்த பழைய படங்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இப்போது அங்கேயும் இந்திய நேரம்தான். ஆனால் 2006 ஏப்ரலுக்கு முன்னால் சில வருஷம் அங்கே உலகப் பொது நேரத்தைவிட 6 மணி நேரம் முன்னால், அதாவது இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னால் வைத்திருந்தார்கள். 2005இல் யாழ்ப்பாணத்தில் சரியான நேரம் வைத்து எடுத்த படத்துக்கு `+06:00`தான் சரி. அரை மணி தப்பு என்று நினைத்து நேரத்தைத் திருத்திவிடாதீர்கள்.

படங்கள் சரியாகிவிட்டன, வீடியோ மட்டும் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கிறது. ஏன்?

எம்பி4 வீடியோவின் விதிப்படி `CreateDate`இல் உலகப் பொது நேரத்தைத்தான் எழுத வேண்டும், அதாவது இந்திய நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்தது. பல கேமராக்கள் அப்படிச் செய்யாமல் கடிகாரத்தில் உள்ள உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவிடுகின்றன. ஆல்பம் விதியை நம்பி ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டுகிறது. காலை 9 மணி நாதஸ்வர வீடியோ மதியம் 2:30 படங்களுக்கு நடுவில் போய் உட்காருவது இதனால்தான்.

வீடியோவுக்குள் தேதி பல இடத்தில் இருக்கும், `AllDates` அவை எல்லாவற்றையும் தொடாது. பெயர் சொல்லித்தான் தள்ள வேண்டும்:

```
exiftool "-CreateDate-=0:0:0 5:30:0" "-TrackCreateDate-=0:0:0 5:30:0" "-MediaCreateDate-=0:0:0 5:30:0" video
```

கேமராவின் கடிகாரமும் தப்பாக இருந்தால் முதலில் அந்த வித்தியாசத்தைச் சேர்த்துவிட்டுப் பிறகு இதைக் கழியுங்கள். ஒரு வீடியோவில் செய்து, ஆல்பத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். எல்லாக் கேமராவும் ஒரே மாதிரி எழுதுவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க போன் படமே இல்லை. வேறு வழி உண்டா?

படத்துக்குள்ளேயே தேடுங்கள். பின்னால் சுவர்க்கடிகாரம், ரயில் நிலையத்துக் கடிகாரம், யாரோ ஒருவர் கையில் கட்டிய வாட்ச், டிவியில் ஓடும் செய்தியின் மூலையில் இருக்கும் நேரம். பெரிதாக்கிப் பார்த்தால் படிக்க முடியும். சுவர்க்கடிகாரத்தை முழுதாக நம்ப முடியாது. சில வீடுகளில் பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்பார்கள். ரயில் நிலையக் கடிகாரம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைப் போன் செயலியோடு இணைத்து இருப்பிடம் பதிந்திருந்தால் இன்னும் நல்லது. `GPSDateStamp`, `GPSTimeStamp` இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அது உலகப் பொது நேரம், கேமரா கடிகாரத்திலிருந்து வருவதில்லை. ஐந்தரை மணியைக் கூட்டினால் இந்திய நேரம்.

கல்யாண வீடு என்றால் பத்திரிகையில் முகூர்த்த நேரம் இருக்கும். முகூர்த்தம் 7:30இலிருந்து 9:00 என்று போட்டிருந்தால் தாலி கட்டும் படம் அதற்குள்தான். நிமிடக் கணக்கில் சரியாக வராது, ஒன்றரை மணி நேர இடைவெளிக்குள் வரும். வாடகை வண்டி பில், டோல் ரசீது, கடை ரசீது ஆகியவற்றில் பெரும்பாலும் நேரம் இருக்கும். டோல் கேட்டை முன் கண்ணாடி வழியாக எடுத்த படம் ஒன்று இருந்தால் ரசீதோடு பொருத்திவிடலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். படமாக அனுப்பும்போது எக்சிஃப் கழன்றுவிடும். `IMG-20190418-WA0012.jpg` என்ற பெயரில் உள்ள தேதி அனுப்பியதையோ வந்ததையோ சொல்கிறது, எடுத்ததை அல்ல. அனுப்பியவரிடம் மூலப் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிவிட்டேன். அங்கேயே தேதியை மாற்றினால் போதாதா?

அங்கே பார்ப்பதற்குப் போதும். ஆனால் அந்த மாற்றம் படத்தின் உள்ளே எழுதப்படுவதில்லை. நாளைக்கு டேக்அவுட் என்ற கூகுள் சேவை வழியாக எல்லாவற்றையும் இறக்கினால் படம் பழைய 2014 தேதியோடுதான் வரும். திருத்திய தேதி பக்கத்தில் ஒரு தனி ஜேசன் ஃபைலில் இருக்கும். கையில் மூலப் படங்கள் இருந்தால் அவற்றைத் திருத்தி, கூகுளில் உள்ளதை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதையே நான் சொல்வேன். ஆயிரக்கணக்கில் இருந்தால் சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும்.

படத்தின் மூலையிலேயே ஆரஞ்சு எழுத்தில் தப்பான தேதி அச்சாகியிருக்கிறது. அதையும் மாற்ற முடியுமா?

முடியாது. அது படத்தின் புள்ளிகளாகவே ஆகிவிட்டது. ஓரத்தை வெட்டலாம், அல்லது படம் திருத்தும் நிரலில் மறைக்கலாம். எக்சிஃப் தேதியைத் தனியாகத் திருத்திக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. கேமரா மெனுவில் அந்தத் தேதி அச்சை அணைத்துவிடுங்கள்.

ஐயோ, கட்டளையைத் தெரியாமல் இரண்டு தடவை ஓட்டிவிட்டேன். படங்கள் 2024க்குப் போய்விட்டன.

`_original` நகல்கள் இன்னும் இருந்தால் இதைச் செய்யுங்கள்:

```
exiftool -restore_original chithirai
```

இரண்டாம் தடவை ஓட்டும்போது ஏற்கெனவே இருக்கும் நகலை எக்சிஃப்டூல் மேலெழுதுவதில்லை. ஆகவே கிடைப்பது முதன்முதலில் இருந்த ஃபைல். அதிலிருந்து ஒரு தடவை மட்டும் தள்ளுங்கள். நகல்களை அழித்துவிட்டீர்கள் என்றாலும் பயமில்லை. `+=`க்குப் பதில் `-=` போட்டு அதே அளவை ஒரு தடவை கழித்தால் சரியான இடத்துக்கு வந்துவிடும். நாள் கணக்கில் போட்டதால் இது துல்லியமாகத் திரும்பும். மாதக் கணக்கில் போட்டிருந்தால் இந்த உறுதி கிடையாது.

எத்தனை தடவை நேரம் வைத்தாலும் கேமரா மறந்துவிடுகிறது. பழுதா?

பெரிய பேட்டரி வெளியே இருக்கும்போது கடிகாரத்தை ஓட்ட உள்ளே ஒரு சின்ன மின்சேமிப்பு இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அது பெரிய பேட்டரியிலிருந்துதான் சார்ஜ் ஆகும். பல மாதம் கிடந்த கேமராவில் அது முழுதாகக் காலியாகியிருக்கும். நேரம் வைத்துவிட்டு அரை மணியில் பேட்டரியைக் கழற்றினால் மறக்கத்தான் செய்யும். முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியை இரண்டு மூன்று நாள் உள்ளேயே விட்டு வையுங்கள், கேமரா அணைந்திருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் நேரம் வைத்து, பேட்டரியைப் பத்து நிமிடம் வெளியே எடுத்துப் போட்டுப் பாருங்கள். நேரம் நின்றால் பழுது இல்லை.

அப்போதும் மறந்தால் செல் செத்துவிட்டது. சில பழைய கேமராக்களில் அது பேட்டரி அறைக்குப் பக்கத்தில் சின்னத் தட்டில் இருக்கும் பட்டன் செல், நாமே மாற்றிவிடலாம். உள்ளே சால்டர் செய்து வைத்த வகை என்றால் கேமரா பழுது பார்க்கும் கடைக்குத்தான் போக வேண்டும். பழைய கேமராவுக்கு அந்தச் செலவு கட்டாது என்று தோன்றினால், அண்ணன் இப்போது செய்வதைச் செய்யலாம். பேட்டரி போட்ட ஒவ்வொரு தடவையும் அவர் எடுக்கும் முதல் படம் கைபேசிக் கடிகாரம்.